விலை பக்கத்தில் இருந்தும் ஏன் போன் செய்து கேட்கிறார்கள்? மாங்கன்று நர்சரி வெப்சைட்டின் ஸ்கிரீன்ஷாட்டை வாடிக்கையாளர் கண்ணோடு பார்த்தல்

கேள்வி: அண்ணா, சந்தூர் பக்கம் எங்க அப்பா மாங்கன்று நர்சரி வெச்சிருக்காரு. வெப்சைட் போட்டு ஆறு மாசம் ஆச்சு. பாக்கறவங்க எல்லாம் போன் பண்ணி "கன்னு என்ன விலை"ன்னுதான் கேக்கறாங்க. விலை பக்கத்துலயே போட்டிருக்கு. என் போன்ல மேல இருந்து கீழ வரைக்கும் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைச்சிருக்கேன். எழுத்து, கலர், இடநெருக்கடி இதுல எது சரியில்லைன்னு வாங்க வர்றவங்க கண்ணோட பாத்துச் சொல்லுங்க.

பதில்:

விலை மூன்று இடங்களில் இருக்கிறது, மூன்றிலும் கண்ணுக்குச் சிக்காமல் இருக்கிறது. ஒவ்வொரு ரகத்துக்கும் போட்ட சிறு கட்டங்களான அட்டைகளில் வெள்ளை மேல் மஞ்சளாக இருக்கிறது. கீழே உள்ள விலைப்பட்டியல் போஸ்டரில் கடுகளவு எழுத்தாக இருக்கிறது. வலது ஓரத்தில் பச்சை வாட்ஸ்அப் வட்டத்துக்கு அடியில் மறைந்திருக்கிறது. அப்பாவுக்கு வருகிற "என்ன விலை" அழைப்புகளுக்கு இந்த மூன்றும்தான் காரணம். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம், முதலில் இதைச் சரி செய்வோம்.

ஒரு ஸ்கிரீன்ஷாட்டை எப்படிப் பார்ப்பது என்பதிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தவறான தீர்ப்புகள் இங்கேதான் பிறக்கின்றன. நீங்கள் அனுப்பிய ஒவ்வொன்றும் 1080 பிக்சல் அகலமும் 2400 பிக்சல் உயரமும் உள்ள படம். அதை லேப்டாப்பில் திறந்தால் எழுத்தெல்லாம் பெரிதாக, நன்றாகவே தெரியும். ஆனால் உங்கள் போன் அந்த 1080 பிக்சலை ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் அடக்கிக் காட்டுகிறது. பிரவுசர் கணக்கில் இந்தப் போனின் அகலம் 360 பிக்சல்தான், அதாவது படத்தில் உள்ள ஒவ்வொரு மூன்று பிக்சலும் வெப்சைட் கணக்கில் ஒன்று. படத்தில் 36 பிக்சல் என்று அளந்தது வெப்சைட்டில் 12 பிக்சல் எழுத்து. இதை மனதில் வைக்காமல் "எழுத்து பெரிசாத்தானே இருக்கு" என்று வடிவமைத்தவர் சொன்னால், அவர் பார்த்தது லேப்டாப் திரையை. உங்களிடம் கன்று வாங்க வருபவர் பார்ப்பது போன் திரையை.

ஆகவே ஸ்கிரீன்ஷாட்டைத் திரும்பப் போனுக்கே அனுப்பி, முழுத்திரையில் வைத்து, கையை இயல்பாக நீட்டிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி அழுத்திவிடும், எழுத்தின் ஓரங்களில் அழுக்குப் போல மங்கல் சேரும், நிறமும் சற்று மாறும். அளக்கப் போகிறீர்கள் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இன்னொன்று, திரையின் வெளிச்சம் எவ்வளவு இருந்தது, வெயில் எவ்வளவு இருந்தது என்பது ஸ்கிரீன்ஷாட்டில் பதியாது. அந்தக் குறையை நாம்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பார்ப்பவரை முடிவு செய்துகொள்வோம். போச்சம்பள்ளியிலோ பாலக்கோட்டிலோ ஒரு விவசாயி, வயது ஐம்பதுக்கு மேல், படிக்கிற கண்ணாடி வீட்டில் இருக்கிறது, மழை வந்துவிட்டது, குழி எடுத்தாயிற்று, வயலில் நின்றபடி போனை எடுக்கிறார். அவருக்கு வேண்டியது மூன்று: செந்தூரா இருக்கிறதா, கன்று என்ன விலை, எங்கே வந்து எடுப்பது. நாற்பது வயதுக்கு மேல் பக்கத்துப் பொருளைப் பார்க்கும் திறன் குறைவது எல்லோருக்கும் வருவது. அதனால் அவர் போனைச் சற்றுத் தள்ளிப் பிடிப்பார், எழுத்து இன்னும் சிறிதாகும். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டை இவர் கையில் கொடுத்துப் பார்ப்பதுதான் இந்தப் பரிசோதனை.

முதல் பார்வையில் அவர் கண் போகும் வரிசை இது: மேலே பச்சைப் பட்டை, அதன் கீழே ஓடிக்கொண்டிருக்கிற மஞ்சள் எழுத்து, அப்புறம் பாதித் திரையை அடைக்கிற மாந்தோப்புப் படம். பிரவுசரின் முகவரிப் பட்டையைக் கழித்தால் ஒரு பார்வையில் தெரிகிற உயரம் ஏறத்தாழ 650 பிக்சல். அதில் தோப்புப் படம் மட்டும் 420 எடுத்துக்கொள்கிறது. கன்றும் விலையும் முதல் பார்வையில் வரவே இல்லை. கீழே தள்ளினால்தான் வரும். அங்கே போனதும் நடப்பதுதான் பெரிய சிக்கல்.

அட்டையில் விலையைப் பாருங்கள். `#FFC107` என்ற நிறக்குறியுள்ள மாம்பழ மஞ்சள், வெள்ளைப் பின்னணியில். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை, அதாவது கான்ட்ராஸ்ட்டை, ஒரு விகிதமாகக் கணக்கிடுவார்கள். வெள்ளைமேல் கறுப்பு 21:1, வெள்ளைமேல் வெள்ளை 1:1. வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டி, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்கிறது. 24 பிக்சலோ அதற்கு மேலோ உள்ள எழுத்துக்கும், 18.5 பிக்சலைத் தாண்டிய தடித்த எழுத்துக்கும் 3:1 போதும். உங்கள் விலையின் விகிதம் 1.63. வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ரகத்தின் பெயர் `#999999` சாம்பல் நிறத்தில் இருக்கிறது, அது 2.85. மேலே பச்சைப் பட்டையில் வெள்ளை எழுத்தில் உள்ள போன் எண் 2.78. பச்சைமேல் வெள்ளை பளிச்சென்று இருப்பதாகத் தோன்றும், ஆனால் `#4CAF50` என்கிற அந்த இளம்பச்சை கணக்கில் வெளிச்சமான நிறம். பச்சையும் மஞ்சளும் நம்மை ஏமாற்றும் நிறங்கள். நிறம் அழுத்தமாக இருப்பதால் எழுத்தும் தெளிவாகத் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். எழுத்தைப் படிக்க உதவுவது நிறத்தின் அழுத்தம் இல்லை, வெளிச்ச வேறுபாடுதான். சந்தேகம் வந்தால் ஸ்கிரீன்ஷாட்டை போனின் போட்டோ எடிட்டரில் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். மஞ்சள் விலை கரைந்துபோயிருக்கும்.

இந்த எண்களை நீங்களே எடுக்கலாம். ஸ்கிரீன்ஷாட்டை எந்தப் படம் திருத்தும் மென்பொருளிலாவது எட்டு மடங்கு பெரிதாக்கி, எழுத்தின் தடித்த கோட்டின் நடுவில் நிறத்தை எடுங்கள். ஓரத்தில் எடுக்காதீர்கள், அங்கே எழுத்தும் பின்னணியும் கலந்த இடைநிறம்தான் கிடைக்கும். எடுத்த இரண்டு நிறத்தையும் `webaim.org/resources/contrastchecker` பக்கத்தில் போட்டால் விகிதம் வந்துவிடும். சிறிய எழுத்தில் இன்னொரு தொல்லை உண்டு: கோடு ஒரு பிக்சலைவிட மெல்லியதாக இருந்தால் நடுவிலும் முழு நிறம் இருக்காது. எழுதின நிறம் `#999999` என்றாலும் திரையில் வந்து சேர்வது அதைவிட வெளிறியதாக இருக்கும். எடையை 300 என்று வைத்த மெல்லிய எழுத்துருக்களில் இது இன்னும் மோசம். காகிதத்தில் அழகாக இருக்கும் அந்த மெல்லிய எழுத்தை விலைக்கோ போன் எண்ணுக்கோ வைக்கவே வைக்காதீர்கள்.

வெயிலைச் சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகிறது என்பதையும் ஒருமுறை கணக்கிட்டுவிடுவோம், நம் ஊருக்கு அது முக்கியம். வெயிலில் திரையின் கண்ணாடி வெளிச்சத்தைப் பிரதிபலிக்கிறது. அந்த வெளிச்சம் வெள்ளைமேலும் விழுகிறது, எழுத்தின்மேலும் விழுகிறது. இரண்டுக்கும் ஒரே அளவு கூடினால் இரண்டுக்கும் உள்ள விகிதம் சுருங்கிவிடும். திரை வெள்ளையின் வெளிச்சத்தில் கால் பங்கு அளவுக்கு வெயில் பிரதிபலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் விலையின் 1.63, ஏறத்தாழ 1.5 ஆகிறது. சாம்பல் பெயரின் 2.85, 2.2 ஆகிறது. `#222222` என்ற கரும் எழுத்து வீட்டுக்குள் 15.9 இருந்தது, வெயிலில் 4.7 ஆகிறது. வீட்டுக்குள் பார்த்தால் தேவைக்கு மேல் கறுப்பாகத் தெரிகிற எழுத்துதான் வயலில் சரியாகப் படிக்கிற எழுத்து. "இவ்வளவு கறுப்பு வேண்டாம், சாம்பல் போட்டால் நாகரிகமாக இருக்கும்" என்று வடிவமைத்தவர் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மாம்பழ மஞ்சளை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது உங்கள் நர்சரிக்குப் பொருத்தமான நிறம். மஞ்சள் எழுத்தாக இருக்கக் கூடாது, எழுத்துக்கு அடியில் இருக்கலாம். மஞ்சள் பட்டைமேல் `#222222` எழுத்தில் விலையை எழுதினால் விகிதம் 9.7க்கு மேல். வெயில் கணக்கில் அது 3.2 வரை இறங்கும், ஆகவே விலையை மட்டும் 20 பிக்சலில் தடிமனாக வையுங்கள். மேல் பட்டையின் பச்சையை `#2E7D32` என்ற கரும்பச்சையாக்கினால் வெள்ளை எழுத்துக்கு 5.1 கிடைக்கும். லோகோவைத் தொட வேண்டாம், லோகோவுக்கு இந்த விகித விதி பொருந்தாது. பக்கத்தின் அடியில் இருக்கிற காப்புரிமை வரியைப் பற்றியும் இப்போது கவலைப்படாதீர்கள்.

தோப்புப் படத்தின் மேல் வெள்ளை எழுத்தில் "தரமான ஒட்டுக் கன்றுகள்" என்று போட்டிருக்கிறீர்கள். இலைமேல் விழுந்த "தரமான" தெரிகிறது, வானத்தின்மேல் விழுந்த "கன்றுகள்" தெரியவில்லை. படத்தின்மேல் எழுத்து வைத்தால் எழுத்துக்கு அடியில் எது மிக வெளிச்சமான இடமோ அங்கேதான் அளக்க வேண்டும், சராசரி பார்த்துப் பயனில்லை. படத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் 60 சதவீதக் கறுப்புத் திரை ஒன்றைப் போட்டால், அடியில் தூய வெள்ளை இருந்தாலும் அது `#666666` ஆகிவிடும், அதன்மேல் வெள்ளை எழுத்துக்கு 5.7 கிடைக்கும். நாளைக்குப் படத்தை மாற்றினாலும் கெடாது. 50 சதவீதம் போதாது, வெள்ளை வானத்தில் 4ஐக்கூடத் தொடாது. படத்தின் உயரத்தை 160க்குக் குறைத்துவிட்டால் முதல் பார்வையிலேயே கன்றுகளின் பட்டியல் தொடங்கிவிடும்.

அடுத்தது எழுத்தளவு. அட்டையில் ரகத்தின் பெயர் 12 பிக்சல். இதை ஸ்கிரீன்ஷாட்டிலிருந்தே எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், அதே போனில் அதே சொல்லை 16 பிக்சலில் எழுதிய ஒரு சோதனைப் பக்கத்தைத் திறந்து இன்னொரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இரண்டிலும் "செந்தூரா" என்ற சொல்லின் நீளத்தை அளந்து வகுத்தால் போதும். நீளம் முக்கால் பங்கு இருந்தால் அளவும் முக்கால் பங்கு, அதாவது 12. எழுத்துரு ஒன்றாக இருக்கிற வரைக்கும் இந்தக் கணக்கு சரியாக வரும். வெப்சைட்டையே திறக்க முடிந்தால் இன்னும் எளிது: கம்ப்யூட்டரில் குரோமில் `F12`, பிறகு `Ctrl+Shift+M` அழுத்தி அகலத்தை 360 ஆக்கி, எழுத்தைத் தேர்ந்தால் அளவு, நிறம், விகிதம் மூன்றையும் காட்டிவிடும்.

12 பிக்சல் ஆங்கிலத்துக்குச் சின்னது, தமிழுக்கு அது இன்னும் சின்னது. காரணம் நம் எழுத்தின் அமைப்பு. ன வில் இரண்டு சுழி, ண வில் மூன்று சுழி. 12 பிக்சலில் அந்தச் சுழிகளின் உள்வெளி ஒரு பிக்சல்கூட இருக்காது, இரண்டும் ஒரே கறுப்புப் பொட்டாகிவிடும். மு, ழு இரண்டும் ஒன்றுபோல் ஆகும். இகர மேல்விலங்கின் வளைவுக்கும் ஈகாரச் சுழிக்கும் வித்தியாசம் போய்விடும். புள்ளி முதலில் மறைவது, அதுவும் சாம்பல் நிறத்தில் இருந்தால் சுத்தமாக மறையும். "ஒட்டு" என்று எழுதியது "ஒடடு" என்று தெரியும். படிப்பவர் ஊகித்துப் படித்துவிடுவார், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஊகிக்க வேண்டியிருந்தால் பத்தாவது சொல்லில் போன் பட்டனை அழுத்திவிடுவார். அதுதான் உங்களுக்கு நடக்கிறது.

ஆங்கிலத்துக்கு 16 போதும் என்ற இடத்தில் தமிழுக்கு 18 வையுங்கள். வரி உயரம் 1.6 மடங்கு வேண்டும், ஏனென்றால் மேல் வரியின் கீழ்வளைவும் கீழ் வரியின் மேல்விலங்கும் புள்ளியும் நெருங்கி மோதும். தமிழுக்கு எழுத்து இடைவெளியைக் கூட்டாதீர்கள், சொல் உடைந்து தெரியும். இருபுறமும் சமமாக இழுக்கிற ஜஸ்டிஃபை அமைப்பையும் போனில் வைக்காதீர்கள். நம் சொற்கள் நீளமானவை, ஒரு வரியில் இரண்டு சொல்தான் வரும், நடுவில் ஆறு போல இடைவெளி விழும். எழுத்துருவில் உண்மையான தடித்த வடிவம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் பிரவுசர் தானே எழுத்தை ஊதித் தடிமனாக்கும், சுழிகள் அடைத்துப் போகும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டிலும் தடித்த வடிவம் உண்டு.

விலைப்பட்டியல் போஸ்டருக்கு வருவோம். இது நோட்டீஸுக்காகச் செய்த படத்தை அப்படியே ஏற்றியது என்று பார்த்தாலே தெரிகிறது. அசல் படம் 1600 பிக்சல் அகலம், அதில் விலை எழுத்து 32 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், போனில் அந்தப் படம் 336 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கும்போது எழுத்து 6.7 பிக்சல் ஆகிறது. விரலால் பெரிதாக்கிப் பார்க்கட்டும் என்றால் அதுவும் முடியாமல் இருக்கலாம். பக்கத்தைப் பெரிதாக்க முடிகிறதா என்று உங்கள் போனிலேயே இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் பக்கத்தின் தலைப்பகுதியில் `user-scalable=no` என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு இந்த ஒரு வரி போதும்:

```html
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">
```

இந்த வரியே இல்லாமல் இருந்தால் வேறுவிதமான தொல்லை வரும். போன் பிரவுசர் பக்கத்தை 980 பிக்சல் அகலம் என்று நினைத்து அமைத்து, அப்படியே 360க்குச் சுருக்கிக் காட்டும். 14 பிக்சல் எழுத்து கண்ணுக்கு 5 பிக்சலாக வந்து சேரும். ஸ்கிரீன்ஷாட்டில் எல்லாமே, மெனு உட்பட, ஒரே விகிதத்தில் கடுகாகத் தெரிந்தால் காரணம் இதுதான். உங்களுடையதில் மெனு சரியான அளவில் இருக்கிறது, போஸ்டர் மட்டும் கடுகு, ஆகவே வரி இருக்கிறது, படம்தான் பிரச்சினை.

போஸ்டரை எடுத்துவிட்டு விலையை எழுத்தாகவே அடித்துவிடுங்கள். விலை மாறும்போது ஒரு எண்ணைத் திருத்தினால் போதும். கூகுளில் "செந்தூரா கன்று விலை" என்று தேடுபவருக்கும் அகப்படும். இன்னொரு பயன் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கே உரியது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கமும் எல்லை தாண்டியும் கன்னடமும் தெலுங்கும் படிப்பவர்கள் உங்களிடம் வருவார்கள். எழுத்தாக இருந்தால் அவர்கள் குரோமிலேயே மொழிமாற்றிப் படித்துக்கொள்வார்கள். படத்துக்குள் இருக்கிற எழுத்தை அது தொடாது. இப்போது ஒவ்வொரு அட்டையிலும் மூன்று மொழியில் பெயர் போட்டிருக்கிறீர்கள், நோக்கம் நல்லது, ஆனால் அந்த மூன்று வரியும் சேர்ந்து விலையைக் கீழே தள்ளிவிட்டன. அட்டையில் தமிழ் மட்டும் இருக்கட்டும், மேலே ஓரத்தில் "ಕನ್ನಡ", "తెలుగు" என்று அவரவர் எழுத்திலேயே இரண்டு இணைப்பு வையுங்கள். பெங்களூரா என்று நாம் சொல்வதை மற்றவர்கள் தோத்தாபுரி என்றே தேடுவார்கள், ஆகவே அந்த ஒரு பெயரை மட்டும் தமிழிலேயே பக்கத்தில் சேர்க்கலாம்.

இனி நெருக்கடி. இதைக் கடைசியில் வைத்தாலும், எழுத்து சிறுத்துப் போனதற்கே மூலகாரணம் இதுதான். 360 பிக்சல் அகலத்தில் மூன்று அட்டைகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறீர்கள். இருபுற ஓரம் 12 வீதம், நடுவில் இரண்டு இடைவெளி 8 வீதம் போக, ஒரு அட்டைக்கு 106 பிக்சல். அட்டைக்குள் விட்ட ஓரமும் போனால் எழுத்துக்குக் கிடைப்பது 90. "இமாம்பசந்த்" என்ற பெயர் 16 பிக்சலில் ஏறத்தாழ 100 பிக்சல் நீளம் பிடிக்கும். அட்டையில் அடங்காது. அடங்க வைக்க வடிவமைத்தவர் எழுத்தை 12 ஆக்கியிருக்கிறார். இப்போது எழுத்தை மட்டும் 18 ஆக்கச் சொன்னால் பெயர் அட்டையை விட்டு வெளியே ஓடும் அல்லது நடுவில் முறியும், "பார்த்தீங்களா, பெரிசு பண்ணினா அசிங்கமாகுது" என்று திரும்ப 12க்கே போய்விடுவார். ஆகவே முதலில் பக்கவாட்டில் உள்ள மூன்று பத்தியை ஒரு பத்தியாக்க வேண்டும், எழுத்து அதன்பின் தானே பெரிதாக இடம் கிடைக்கும்.

ஒரு ரகத்துக்கு ஒரு வரிசை: இடப்பக்கம் 88 பிக்சல் சதுரத்தில் கன்றின் படம், வலப்பக்கம் பெயரும் விலையும். ஓரமாக இருபுறமும் 16 விட்டாலும் எழுத்துக்கு 228 பிக்சல் கிடைக்கிறது, இப்போதிருப்பதைப்போல் இரண்டரை மடங்கு. பக்கம் நீளமாகிவிடுமே என்று தயங்க வேண்டாம், கீழே தள்ளிப் பார்ப்பது போனில் எளிது, கண்ணைச் சுருக்கிப் படிப்பதுதான் கடினம்.

```css
.kanru { display: flex; gap: 12px; padding: 16px 0;
         border-bottom: 1px solid #dddddd; }
.kanru img { width: 88px; height: 88px; object-fit: cover; }
.peyar { font-size: 18px; line-height: 1.6; color: #222222; }
.vilai { font-size: 20px; font-weight: 700; color: #222222;
         background: #FFC107; padding: 2px 8px; }
```

இடைவெளியில் ஒரு சின்ன விஷயம் பெரிய வேலை செய்யும். உங்கள் அட்டையில் படத்துக்கும் பெயருக்கும் 8, பெயருக்கும் விலைக்கும் 8, விலைக்கும் அடுத்த வரிசைப் படத்துக்கும் 8. எல்லாம் ஒரே அளவு. ஆகவே மல்கோவாவின் விலை அதற்குக் கீழே உள்ள பங்கனப்பள்ளியின் தலைப்பு போலத் தெரிகிறது. ஸ்கிரீன்ஷாட்டைக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், எந்த விலை எந்த மரத்துக்கு என்று சொல்ல முடியாது. தப்பான விலையைப் படித்துக்கொண்டு நேரில் வருபவரிடம் அப்பா விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே ரகத்துக்குள் இடைவெளி சின்னதாகவும், ரகத்துக்கும் ரகத்துக்கும் நடுவில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்காகவும் இருந்தால் கண் தானே சேர்த்துப் படித்துக்கொள்ளும். மேலே உள்ள குறிப்பில் வரிசைக்கு மேலும் கீழும் 16 வீதம் விட்டு, நடுவில் மெல்லிய கோடு போட்டது அதற்காகத்தான்.

மிதக்கும் பட்டன்கள் இரண்டு இருக்கின்றன, வலது கீழே வாட்ஸ்அப், இடது கீழே போன். வலது ஓரப் பத்தியின் விலைமேல் வாட்ஸ்அப் வட்டம் சரியாக உட்காருகிறது. தள்ளத் தள்ள அது மேலேயே இருக்கும், அந்தப் பத்தியின் ஒவ்வொரு விலையையும் ஒருமுறை மறைத்துவிட்டுத்தான் விடும். பார்ப்பவருக்கு அந்த நேரத்தில் எதிரில் இருக்கிற ஒரே தெளிவான பொருள் போன் பட்டன், அதை அழுத்தி விலையைக் கேட்கிறார். இரண்டையும் எடுத்துவிட்டு, திரையின் அடியில் முழு அகலத்துக்கு 56 பிக்சல் உயரத்தில் ஒரு பட்டை வைத்து அதில் பாதி "போன்", பாதி "வாட்ஸ்அப்" என்று எழுத்தாக எழுதுங்கள். பக்கத்தின் அடியில் `padding-bottom: 72px` விட்டால் கடைசி வரிசை பட்டைக்கு அடியில் மாட்டிக்கொள்ளாது. வாட்ஸ்அப்பின் அந்த இளம்பச்சைமேல் வெள்ளை எழுத்து வைத்தால் விகிதம் 2க்குக் கீழே, அங்கேயும் `#222222` எழுத்தே வையுங்கள். விரல் படுகிற எதுவும் 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது என்பது அடிப்படை, மண்வேலை செய்த விரலுக்கு 48 வைப்பதே முறை. மேலே ஓடிக்கொண்டிருக்கிற மஞ்சள் வரியை நிறுத்திவிடுங்கள். அதில் உள்ள "ஆயிரம் கன்றுக்கு மேல் வண்டி வாடகை இலவசம்" என்பது நல்ல செய்தி, நின்ற எழுத்தாக ஒரு வரியில் பட்டியலுக்கு மேலே இருக்கட்டும்.

வடிவமைத்தவரிடம் இதைச் சொல்லும்போது "எழுத்து சரியில்லை, நெருக்கமா இருக்கு" என்று சொன்னால் வேலை நடக்காது. ஸ்கிரீன்ஷாட்டில் இடத்தைச் சிவப்பு வட்டமிட்டு, "இங்கே விலை, `#FFC107` வெள்ளைமேல், 1.63, வேண்டியது 4.5" என்று எழுதிக் கொடுங்கள். வரிசை இப்படி இருக்கட்டும்: மூன்று பத்தியை ஒன்றாக்குவது, விலையின் நிறமும் அளவும், போஸ்டரை எழுத்தாக்குவது, மிதக்கும் பட்டன்கள், கடைசியில் தோப்புப் படம். பத்தியை மாற்றாமல் மற்றதைத் தொட்டால் எல்லாவற்றையும் இரண்டுமுறை செய்ய வேண்டிவரும்.

மாற்றி முடித்ததும் போன் செட்டிங்கில் எழுத்தளவை ஒரு படி பெரிதாக்கிப் பாருங்கள், வயதானவர்கள் பலர் அப்படித்தான் வைத்திருப்பார்கள். அப்போதும் பெயர் விலைமேல் ஏறக் கூடாது. பிறகு கன்று எடுக்க வருபவர்களில் ஐம்பது தாண்டிய ஒருவரிடம், மதியம், நிழல் இல்லாத இடத்தில், உங்கள் போனைக் கொடுத்து "செந்தூரா எவ்வளவுன்னு பாத்துச் சொல்லுங்க ஐயா" என்று மட்டும் கேளுங்கள். கீழே தள்ளுங்கள் என்றோ அங்கே இருக்கிறது என்றோ சொல்லாதீர்கள், விரலாலும் காட்டாதீர்கள். போனைத் தள்ளிப் பிடித்தாலோ கண்ணருகே கொண்டுபோனாலோ எழுத்து இன்னும் சிறிதாகவே இருக்கிறது. கையால் திரைக்கு நிழல் கட்டினால் நிறம் இன்னும் வெளிறியிருக்கிறது. விரல் மேலும் கீழும் அலைந்து பக்கத்து ரகத்தின் விலையைச் சொன்னால் இடைவெளி போதவில்லை. மூன்றில் எது நடந்தது என்று குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் திரையில் இருந்ததை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.